சோடியம் சமன்பாடும் ஓரத்தில் இருக்கும் மூன்று கட்டங்களும்

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகனின் வேதியியல் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் போனில் படம் எடுத்திருக்கிறேன். மேலே 2Na(s) + 2H₂O(l) → 2NaOH(aq) + H₂(g) என்று இருக்கிறது. ஓரத்தில் தனிம வரிசை அட்டவணையிலிருந்து Li, Na, K மூன்றை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு எண்கள் கொடுத்திருக்கிறார்கள். அடியில், 2.3 கிராம் சோடியம் நீரோடு முழுதாக வினைபுரிந்தால் எத்தனை லிட்டர் ஹைட்ரஜன் வரும் என்று ஒரு கணக்கு. அவனுக்கு 2.24 வருகிறது, புத்தகத்தில் 1.12. எங்கே தப்பு? கணக்குக்கு நடுவில் அந்தக் கட்டங்கள் எதற்கு? பொட்டாசியம்தான் வேகமாக வினைபுரியும் என்கிறான், அதையும் அதைப் பார்த்தே சொல்ல முடியுமா?

பதில்:

உங்கள் மகன் அட்டவணையைச் சரியாகப் பார்த்திருக்கிறான், சமன்பாட்டைத்தான் பாதியில் விட்டுவிட்டான். 2.24 என்ற விடையே அதைக் காட்டிக்கொடுக்கிறது. 2.3 கிராமை 23-ஆல் வகுத்து 0.1 மோல் என்று கண்டுபிடித்து, அதை அப்படியே 22.4-ஆல் பெருக்கியிருக்கிறான். அதாவது ஒரு மோல் சோடியத்துக்கு ஒரு மோல் ஹைட்ரஜன் வாயு வரும் என்று எடுத்துக்கொண்டான். சமன்பாடு அப்படிச் சொல்லவில்லை. Na-வுக்கு முன்னால் 2 இருக்கிறது, H₂-வுக்கு முன்னால் எண் எதுவும் இல்லை. எண் இல்லாத இடத்தில் 1 என்று பொருள். இரண்டு சோடியத்துக்கு ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு என்றால், 0.1 மோல் சோடியத்துக்கு 0.05 மோல்தான் வரும். 0.05-ஐ 22.4-ஆல் பெருக்கினால் 1.12.

மதிப்பெண்ணுக்கு இவ்வளவு போதும். ஆனால் அந்த 2 எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் அடுத்த கணக்கிலும் இதே இடத்தில்தான் நிற்பான். ஆகவே சமன்பாட்டை முதலில் பார்த்துவிடுவோம்.

தண்ணீரை H₂O என்று எழுதாமல் H–OH என்று பிரித்து எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். சோடியம் அணு தன் வெளிக்கூட்டில் இருக்கும் ஒரே எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு Na⁺ ஆகிறது. தண்ணீர் மூலக்கூறில் ஒரு ஹைட்ரஜன் மட்டும் வெளியேறுகிறது, OH மிச்சமாகி OH⁻ ஆக நிற்கிறது. ஒரு சோடியம், ஒரு தண்ணீர், ஒரு NaOH. இதுவரை எல்லாம் ஒன்றுக்கு ஒன்றுதான். சிக்கல், வெளியே வந்த அந்த ஒற்றை ஹைட்ரஜன் அணுவில். ஹைட்ரஜன் வாயு தனி அணுவாக இருக்காது, H₂ என்று ஜோடியாகத்தான் இருக்கும். ஜோடி சேர இன்னொரு ஹைட்ரஜன் வேண்டும், அதற்கு இன்னொரு தண்ணீர், அதற்கு இன்னொரு சோடியம். சமன்பாட்டில் மூன்று இடங்களில் 2 வந்து, கடைசியில் மட்டும் வராததற்குக் காரணம் இதுதான். Na + H₂O → NaOH + ½H₂ என்று எழுதி முழுவதையும் இரண்டால் பெருக்கினாலும் அதே சமன்பாடு வரும்.

எண்ணிப் பார்க்கட்டும். இடப்பக்கம் 2H₂O-வில் நான்கு ஹைட்ரஜன். வலப்பக்கம் 2NaOH-இல் இரண்டு, H₂-வில் இரண்டு, ஆக நான்கு. ஆக்சிஜன் இரு பக்கமும் இரண்டு, சோடியமும் இரண்டு. முன்னால் பெரிதாக நிற்கும் 2, அதாவது கெழு, அந்த வாய்பாடு முழுவதற்கும் உரியது. H-க்குக் கீழே சின்னதாக இருக்கும் 2 அந்த அணுவுக்கு மட்டும். சமன் செய்யும்போது கெழுவை மாற்றலாம், கீழே இருக்கும் எண்ணைத் தொடக்கூடாது. அதைத் தொட்டால் பொருளே வேறாகிவிடும். கடைசியில் H₂-வை H ஆக்கிவிட்டு 'சமன் ஆகிவிட்டது சார்' என்று நிற்கும் பையன்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. எண்ணிக்கை சரியாக வரும், ஆனால் அப்படி ஒரு வாயுவைக் குடுவையில் பிடிக்க முடியாது.

அடைப்புக்குறிக்குள் இருப்பவை நிலையைச் சொல்கின்றன. s திண்மம், l நீர்மம், g வாயு, aq நீரில் கரைந்த நிலை. போனில் எடுத்த படத்தில் s-உம் g-யும் ஒன்றுபோலத் தெரிந்தால் பொருளை வைத்து முடிவு செய்யுங்கள். NaOH தனியாக இருந்தால் வெள்ளைத் திண்மம். இங்கே தண்ணீருக்குள்ளேயே உண்டாகி அதிலேயே கரைந்துவிடுவதால் aq. காரத்தைக் காட்டிக்கொடுக்கும் பினாப்தலீனை முன்கூட்டியே தண்ணீரில் விட்டிருந்தால் சோடியம் ஓடிய வழியெல்லாம் இளஞ்சிவப்புக் கோடு விழும். கண்ணுக்குத் தெரியும் aq அதுதான்.

இப்போது ஓரத்துக் கட்டங்கள். முழு எண்கள் 3, 11, 19 ஆகிய மூன்றும் அணு எண்கள். புள்ளி வைத்த 6.94, 22.99, 39.10 மூன்றும் அணு நிறைகள். எது மேலே, எது கீழே என்பதில் எல்லாப் புத்தகங்களும் ஒன்றுபோல் இருக்காது, எனவே இடத்தை வைத்து மனப்பாடம் செய்ய வேண்டாம். அணு எண் ஒருபோதும் பின்னமாக வராது. மேலும் இந்த மூன்று தனிமங்களிலும் அணு நிறை அணு எண்ணைவிடப் பெரியது. படத்தில் புள்ளி மங்கி 22.99 என்பது 2299 போலத் தெரிந்தாலும் குழப்பம் வராது. இதுவரை அறியப்பட்ட எந்தத் தனிமத்தின் அணு நிறையும் 300-ஐத் தாண்டவில்லை.

இந்த இரண்டு எண்களும் இந்தப் பக்கத்தில் வெவ்வேறு வேலை செய்கின்றன, அவற்றைக் கலந்துவிடக் கூடாது. கணக்குக்கு வேண்டியது அணு நிறை. சமன்பாடு எண்ணிக்கையில் பேசுகிறது, தராசு கிராமில் பேசுகிறது. ஒரு கிலோ எலுமிச்சையும் ஒரு கிலோ தேங்காயும் எண்ணிக்கையில் ஒன்றாக இருக்காது அல்லவா? அதனால்தான் '2Na + 2H₂O' என்பதை இரண்டு கிராம் சோடியத்துக்கு இரண்டு கிராம் தண்ணீர் என்று படிக்க முடியாது. எடையை எண்ணிக்கையாக மாற்றுவதற்கான எண்தான் அந்தக் கட்டத்தில் இருக்கிறது. 22.99 கிராம் சோடியத்தில் ஒரு மோல் அணுக்கள் இருக்கும். பள்ளிக் கணக்கில் 23 என்றே வைத்துக்கொள்ளலாம்.

கணக்கு முழுவதையும் ஒருமுறை எடையிலும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், சரிபார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. 2.3 கிராம் சோடியம் 0.1 மோல். அதற்கு வேண்டிய தண்ணீரும் 0.1 மோல், அதாவது 1.8 கிராம். கிடைக்கும் NaOH 0.1 மோல், மோலுக்கு 40 கிராம் வீதம் 4.0 கிராம். ஹைட்ரஜன் 0.05 மோல், மோலுக்கு 2 கிராம் வீதம் 0.1 கிராம். போனது 2.3-உம் 1.8-உம் சேர்ந்து 4.1. வந்தது 4.0-உம் 0.1-உம் சேர்ந்து 4.1. உங்கள் மகன் எடுத்ததுபோல ஹைட்ரஜனை 0.1 மோல் என்று வைத்தால் அது 0.2 கிராம் ஆகி, வலப்பக்கம் 4.2 வந்திருக்கும். 0.1 கிராம் எங்கிருந்தோ முளைத்திருக்கிறது என்று அங்கேயே தெரிந்திருக்கும்.

22.4 லிட்டர் என்பது 0 டிகிரி செல்சியஸ், ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கான எண். 30 டிகிரி அறையில் ஒரு மோல் வாயு கிட்டத்தட்ட 24.9 லிட்டர் இடத்தை எடுத்துக்கொள்ளும், எனவே அதே 0.05 மோல் 1.24 லிட்டராக இருக்கும். கேள்வியில் திட்ட வெப்ப அழுத்த நிலை என்று ஒரு சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே 22.4-ஐப் போட வேண்டும். விடை 1.12 என்பதால் உங்கள் பக்கத்திலும் அது இருக்கும், படத்தில் வெட்டுப்பட்டிருக்கலாம்.

2.3 கிராம் என்பது காகிதத்தில் போடும் கணக்குக்கு மட்டும். அது ஒவ்வொரு பக்கமும் 1.3 சென்டிமீட்டர் கொண்ட ஒரு கட்டி, தண்ணீரில் போட்டால் வெடிக்கும். பள்ளியில் ஆசிரியர் காட்டுவதற்கு எடுப்பது அரிசி அளவுத் துணுக்கு. அது 0.05 கிராம் என்று வைத்துக்கொண்டால் அறை வெப்பநிலையில் 27 மில்லிலிட்டர் அளவுக்கு ஹைட்ரஜன் வரும். அந்தத் துணுக்கு அரை லிட்டர் தண்ணீரின் pH-ஐ 7-லிருந்து 11.6 வரை ஏற்றிவிடும். சோடியம் தீர்ந்த பிறகும் அந்தத் தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

அணு நிறையில் ஒரு சின்ன விஷயம். 22.99 ஏன் 23 இல்லை என்று கேட்டால், ஐசோடோப்புகளின் சராசரி என்று பெரும்பாலும் விடை வரும். லித்தியத்துக்கு அது சரி. நிறை எண் 6-ம் 7-ம் கலந்திருப்பதால்தான் 6.94. சோடியத்துக்கு அது பொருந்தாது. இயற்கையில் நிலையாக இருப்பது சோடியம்-23 ஒன்றுதான், சராசரி எடுக்க இன்னொன்று இல்லை. கார்பன்-12 அணுவைச் சரியாக 12 என்று வைத்து மற்றவற்றை அளக்கிறோம். புரோட்டான்களும் நியூட்ரான்களும் அணுக்கருவில் சேரும்போது நிறையில் ஒரு துளி ஆற்றலாகப் போய்விடும், அது அணுவுக்கு அணு வேறுபடும். சோடியம்-23 முழு 23-க்குச் சற்றுக் கீழே நிற்பது இந்தக் கணக்கில்தான்.

அணு எண்ணுக்கு இங்கே வேறு வேலை. 3, 11, 19 மூன்றுக்கும் இடைவெளி எட்டு எட்டாக இருப்பதைக் கவனியுங்கள். எலக்ட்ரான்களைக் கூடு கூடாக அடுக்கினால் லித்தியம் 2,1, சோடியம் 2,8,1, பொட்டாசியம் 2,8,8,1. கடைசியில் எல்லாவற்றுக்கும் ஒன்றே ஒன்று. மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டதன் நோக்கம் இதுதான். மேலே இருக்கும் சமன்பாட்டில் Na இருக்கும் இடத்தில் Li-யையோ K-வையோ வைத்தாலும் கெழுக்கள் மாறாது. ஒரே எலக்ட்ரானைக் கொடுப்பதால் ஒரு OH, அதனால் LiOH, NaOH, KOH. பக்கத்துத் தொகுதிக்குப் போனால்தான் மாறும். கால்சியம் இரண்டு எலக்ட்ரான் கொடுக்கும், எனவே Ca + 2H₂O → Ca(OH)₂ + H₂. அங்கே ஒரு மோல் உலோகத்துக்கு ஒரு மோல் ஹைட்ரஜன். உங்கள் மகன் போட்ட கணக்கு கால்சியத்துக்கு என்றால் சரியாக வந்திருக்கும்!

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். பொட்டாசியம் அதிக வேகம் என்பது சரி. கட்டங்களைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்றால், திசையைச் சொல்லலாம், முழுக் காரணத்தைச் சொல்ல முடியாது.

தண்ணீரில் போட்டால் லித்தியம் மேலே மிதந்தபடி நிதானமாகக் குமிழ் விட்டுக்கொண்டிருக்கும். சோடியம் உருகி உருண்டையாகி, சீறிக்கொண்டு தண்ணீரின் மேல் ஓடும். பெரும்பாலும் தீப்பிடிக்காது, ஆனால் வடிதாள் ஒன்றை மிதக்கவிட்டு அதன்மேல் நகராமல் நிறுத்தினால் வெப்பம் ஓரிடத்தில் சேர்ந்து மஞ்சள் சுடரோடு எரியும். பொட்டாசியம் போட்ட உடனேயே வெளிர் ஊதாச் சுடரோடு எரியத் தொடங்கும். எரிவது வெளியேறும் ஹைட்ரஜன். சுடருக்கு நிறம் கொடுப்பது உலோகம். காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு நடக்கும் அந்த எரிதல் புத்தகத்தின் சமன்பாட்டில் இல்லை, அது தனி வினை.

பள்ளியில் சொல்லும் காரணம் இது. தொகுதியில் கீழே போகப் போக ஒரு கூடு கூடுகிறது, வெளி எலக்ட்ரான் அணுக்கருவிலிருந்து தள்ளிப் போகிறது, அதைப் பிடுங்குவது எளிதாகிறது. அளந்த எண்களும் அப்படியே இருக்கின்றன. ஒரு மோலுக்கு அயனியாக்கும் ஆற்றல் லித்தியத்துக்கு 520 கிலோஜூல், சோடியத்துக்கு 496, பொட்டாசியத்துக்கு 419. பத்தாம் வகுப்புத் தேர்வில் இதை எழுதினால் போதும்.

ஆனால் இந்தக் காரணத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அப்படியென்றால் பொட்டாசியத்தில்தான் அதிக வெப்பம் வெளியாகும் என்று போய்விடுவார்கள். அங்கேதான் தவறு. ஒரு மோல் உலோகத்துக்கு இந்த வினையில் வெளியாகும் வெப்பம் லித்தியத்துக்கு சுமார் 222 கிலோஜூல், சோடியத்துக்கு 184, பொட்டாசியத்துக்கு 196. சாதுவாகக் குமிழ் விடும் லித்தியம்தான் மொத்தத்தில் அதிக வெப்பம் தருகிறது. Li⁺ மிகச் சிறிய அயனி என்பதால் தண்ணீர் மூலக்கூறுகளைத் தன்னைச் சுற்றி இறுக்கமாக இழுத்துக்கொள்கிறது, அப்போது வெளியாகும் ஆற்றல், எலக்ட்ரானைப் பிடுங்கச் செலவான கூடுதல் ஆற்றலை ஈடுகட்டி மேலும் மிஞ்சுகிறது.

மொத்த வெப்பம் எவ்வளவு என்பதும் அது எவ்வளவு சீக்கிரம் வெளியாகிறது என்பதும் வேறு வேறு. வேகத்தில் உருகுநிலைக்கும் பெரிய பங்கு உண்டு, கட்டத்தில் அது போடப்படவில்லை. சோடியம் 98 டிகிரியிலும் பொட்டாசியம் 63.5 டிகிரியிலும் உருகிவிடும், வினையின் சூடே அதற்குப் போதும். உருகிய உலோகத்தின் பரப்பு புதுசு புதுசாகத் தண்ணீருக்குக் காட்டப்படுகிறது. லித்தியம் உருக 180 டிகிரி வேண்டும், அது தண்ணீரில் உருகாமல் கட்டியாகவே கிடந்து ஓரங்களில் மட்டும் கரைகிறது.

வெடிப்பதற்கும் ஹைட்ரஜன் தீப்பிடிப்பதுதான் காரணம் என்று நீண்ட காலம் சொல்லிவந்தோம். 2015-இல் வெளியான ஆய்வில், செக் நாட்டின் பிராக் நகர வேதியியலாளர் பாவெல் யுங்விர்த்தின் குழுவினர், அறை வெப்பநிலையிலேயே திரவமாக இருக்கும் சோடியம்–பொட்டாசியக் கலவைத் துளியைத் தண்ணீரில் விழவைத்து அதிவேகக் கேமராவில் படம் பிடித்தார்கள். தொட்ட பிறகு ஒரு மில்லிவினாடிகூட ஆகாத நேரத்தில் துளியிலிருந்து ஊசி ஊசியாக உலோகம் வெளியே பாய்ந்தது. எலக்ட்ரான்கள் தண்ணீருக்குள் ஓடிவிட, பின்னால் நின்ற நேர்மின் அயனிகள் ஒன்றையொன்று தள்ளித் துளியையே கிழித்துவிடுகின்றன என்பது அவர்கள் விளக்கம். அப்படிக் கிழிந்து பரப்பு பெருகுவதால்தான் வினை தணியாமல் வெடிப்பாக மாறுகிறது. வெளி எலக்ட்ரான் எளிதில் போய்விடும் என்று புத்தகம் சொல்வது இங்கே கண்ணால் பார்க்கும்படி நடக்கிறது.

கீழே போகப் போக எல்லாமே ஒரே திசையில் மாறும் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அடர்த்தி லித்தியத்துக்கு 0.53, சோடியத்துக்கு 0.97, ஆனால் பொட்டாசியம் 0.86 என்று இறங்கிவிடுகிறது. மூன்றுமே தண்ணீரில் மிதக்கும். மண்ணெண்ணெயின் அடர்த்தி 0.8-ஐ ஒட்டி இருப்பதால் சோடியமும் பொட்டாசியமும் அதில் மூழ்கிப் பாதுகாப்பாகக் கிடக்கும். லித்தியத்தைப் போட்டால் மண்ணெண்ணெயிலும் மிதந்து காற்றில் தலையை நீட்டும். அதனால்தான் அதை வாசலினில் பொதிந்தோ, ஆர்கான் நிரப்பியோ வைப்பார்கள்.

பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக்குப் போனதும் மின்முனை அழுத்தப் பட்டியலில் லித்தியம் −3.04 வோல்ட்டோடு முதலிடத்திலும், பொட்டாசியம் −2.93-லும், சோடியம் −2.71-லும் இருப்பதைப் பார்த்துவிட்டு, பத்தாம் வகுப்பில் படித்தது பொய்யா என்று கேட்பான். அந்தப் பட்டியல் கரைசலில் அயனியாக நிற்பதன் மொத்த ஆற்றல் கணக்கு, Li⁺ தண்ணீரைப் பிடித்துக்கொள்வதும் அதில் அடங்கும். இப்போது வைத்திருக்கும் பக்கம் சொல்வது வேகத்தைப் பற்றி. கேள்வித்தாளில் 'நீருடன் தீவிரமாக வினைபுரிவது எது' என்று வந்தால் பொட்டாசியம், 'வலிமை மிக்க ஒடுக்கி எது' என்று நீர்க்கரைசலில் கேட்டால் லித்தியம் என்று எழுதட்டும்.